நினைவைப் புதுக்கவிதையாக்குவது: வைகை மணலில் ஓர் ஊற்று

‘உரைநடையை மடக்கி மடக்கி எழுதினால் புதுக்கவிதையா?’ என்று கேலி பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு, மதுரையில் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. கேலியை விட்டுவிட்டுப் பார்த்தால் அது நல்ல கேள்விதான். வரியை எங்கே மடக்குவது, ஏன் அங்கே மடக்குவது என்பதற்குப் பதில் தெரியாமல் எழுதப்படும் கவிதைகளில் பெரும்பாலானவை மடக்கிய உரைநடையாகத்தான் இருக்கின்றன.

மரபுக் கவிதையில் இந்தச் சிக்கல் கிடையாது. பழைய ஓலைச்சுவடிகளில் செய்யுளை அடி அடியாகப் பிரித்து எழுதும் வழக்கமே இல்லை. ஓலையின் ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரை தொடர்ந்து எழுதிக்கொண்டே போவார்கள். அடி எங்கே முடிகிறது என்பதை யாப்பே படிப்பவருக்குச் சொல்லிவிடும். நேரிசை ஆசிரியப்பா என்றால் அடிக்கு நான்கு சீர், கடைசிக்கு முந்திய அடியில் மட்டும் மூன்று. அந்தக் கணக்கு தெரிந்தவருக்குத் தாளில் இடம் விட்டுக் காட்ட வேண்டிய தேவை இல்லை. பாரதி வசன கவிதை எழுதி, ந. பிச்சமூர்த்தி அதைத் தொடர்ந்து, 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழில் புதுக்கவிதை வேரூன்றியபோது சீர்க் கணக்கு போய்விட்டது. கணக்கு செய்துகொண்டிருந்த வேலை மட்டும் அப்படியே இருந்தது. இப்போது அதை வரியின் முடிவும் அதற்குப் பின் வரும் வெற்றிடமும் செய்தாக வேண்டும்.

இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் பிடிபடாது. ஒரே ஒரு நினைவை எடுத்துக்கொள்வோம். எங்கள் வாசிப்புக் கூட்டத்துக்குச் சோழவந்தான் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண், சின்ன வயதில் கோடைக் காலத்தில் அப்பத்தாவோடு வைகைக்குப் போய் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்ததை எழுதிக்கொண்டு வந்தாள். முதல் வடிவம் இது:

வைகையே! என் நினைவுகளின் ஊற்றே!
அப்பத்தாவின் அன்பைப் போல்
வற்றாமல் சுரந்தவளே!
பாசத்தின் ஈரம்
இன்றும் என் நெஞ்சில்!

இதில் வைகை என்பதை எடுத்துவிட்டுத் தாமிரபரணி என்று போட்டாலும் ஒன்றும் கெடாது. அப்பத்தாவை எடுத்துவிட்டு அம்மாச்சியைப் போடலாம். ஒரு பெயரை மாற்றி இன்னொன்றை வைத்துப் பார்ப்பது எளிய சோதனை. மாற்றிய பிறகும் கவிதை அப்படியே நின்றால் அதற்குள் நினைவு இன்னும் வரவில்லை, நினைவைப் பற்றிய கருத்துதான் வந்திருக்கிறது. அன்பு, பாசம், ஈரம், நெஞ்சம் எல்லாம் அவள் பின்னால் யோசித்துச் சேர்த்துக்கொண்ட முடிவுகள். ஆற்று மணலில் உட்கார்ந்திருந்த சிறுமிக்கு அந்தச் சொற்களில் ஒன்றும் தோன்றியிருக்காது.

அதனால் கவிதையை ஓரமாக வைத்துவிட்டுக் கேள்வி கேட்டேன்.

“எதை வச்சும்மா தோண்டுனாங்க?”

“கையாலதாண்ணே. நாய் குழி பறிக்கிற மாதிரி பறிப்பாங்க. எனக்குச் சிரிப்பா வரும்.”

“எவ்வளவு ஆழம்?”

“முழங்கை வரைக்கும் போகும். மேல மணல் காலைச் சுடும். உள்ள போகப் போக மணல் கறுத்துரும், ஈரமா இருக்கும்.”

“தண்ணி உடனே வந்துருமா?”

“வரும், ஆனா கலங்கலா வரும். அதை இறைச்சு ஊத்திறணும். மறுபடி ஊறும், மறுபடி கலங்கல். அப்புறம்தான் தெளியும். அதுவரைக்கும் பேசாம குத்தவச்சிருக்கணும். ஓரத்து மணல் சரியும், அப்பத்தா விரலால அணை மாதிரி பிடிச்சுக்கிருவாங்க. தெளிஞ்சதும் தண்டட்டி தெரியும்.”

“எங்க தெரியும்?”

“தண்ணிக்குள்ளதான். அப்பத்தா குனிஞ்சிருப்பாங்கள்ல.”

கடைசியாக ஒன்று கேட்டேன். குடம் நிறைந்ததும் என்ன செய்வீர்கள் என்று. “நான் குழியை மூடப் போவேன், விளையாட்டுக்கு. விடு ஆத்தா, ஆடு வரும்னு சொல்லுவாங்க” என்றாள். ஆடு தண்ணீர் குடிக்க வரும் என்பதை அவர் விளக்கிச் சொல்வதில்லையாம். அவ்வளவுதான் சொல்வாராம்.

கவிதைக்கு வேண்டிய எல்லாம் இந்தப் பேச்சில் இருக்கிறது. முதல் வடிவத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. நினைவைக் கவிதையாக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். கேட்க ஆள் இல்லாவிட்டால் தனக்குத்தானே கேட்டு, கவிதை என்ற எண்ணமே இல்லாமல் ஒரு பக்கம் உரைநடையாக எழுதிக்கொள்ளலாம். கையில் என்ன இருந்தது, கால் எதன் மேல் இருந்தது, எது முதலில் நடந்தது, எதற்காகக் காத்திருந்தோம், யார் என்ன சொன்னார்கள், அதுவும் எந்தச் சொற்களில் சொன்னார்கள். கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதாமல் சூடு, ஈரம், பாரம் ஆகியவற்றையும் தேடுங்கள். தோலில் பட்ட நினைவுகள் பல சமயம் காட்சிகளைவிடத் துல்லியமாக மிஞ்சியிருக்கும்.

படிமம் என்றதும் ‘எதைப் போல?’ என்று உவமை தேடுவது இன்னொரு பழக்கம். உவமையும் படிமம்தான், ஆனால் படிமத்துக்கு உவமை கட்டாயமில்லை. புலனில் படும்படி வைக்கப்பட்ட ஒரு பொருள், தன்னைத் தவிர இன்னொன்றையும் உணர்த்தினால் போதும். குறுந்தொகையின் 41ஆம் பாட்டை எழுதியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆள்கள் விட்டுப்போன வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுகிறது என்று அவர் பாட்டில் வருகிறது. அதை வைத்தே அணிலாடு முன்றிலார் என்று அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆள் நடமாட்டம் இருந்தால் அணில் முற்றத்துக்கு வந்து ஆடாது. ஆகவே அணில் ஆடுகிறது என்று காட்டினாலே வீடு வெறிச்சோடிக் கிடப்பது தெரிந்துவிடுகிறது. அந்தப் பாட்டில் ‘போல’ என்ற சொல்லும் இருக்கிறது, ஆனால் மனதில் நிற்பது அணில்.

அந்தப் பெண் சொன்னதில் அணிலுக்குச் சமமான ஒன்று தண்டட்டி. குனிந்த கிழவியின் காதில் தொங்கும் தண்டட்டி பள்ளத்துத் தண்ணீரில் தெரிகிறது என்றால் தண்ணீர் தெளிந்துவிட்டது. ‘தெளிந்தது’ என்று எழுதவே வேண்டாம். அப்பத்தாவின் வயது, அவர் எவ்வளவு குனிந்திருக்கிறார், சிறுமி எவ்வளவு பக்கத்தில் இருக்கிறாள், இவ்வளவும் அந்த ஒரு பொருளோடு சேர்ந்து வந்துவிடுகின்றன. நான் அவளிடம் ‘கண்ணாடி போலத் தெளிந்த நீர்’ என்ற வரியை அடிக்கச் சொன்னேன். தண்டட்டி வந்த பிறகு கண்ணாடிக்கு அங்கே வேலை இல்லை.

ஊற்று என்றதும் எல்லாருக்கும் ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ ஞாபகம் வரும். அவளும் அதை இரண்டாவது வடிவத்தில் சேர்த்திருந்தாள். குறள் உள்ளே வந்ததும் வாசகர் சோழவந்தான் மணலை விட்டுப் பள்ளிக்கூட வகுப்பறைக்குப் போய்விடுகிறார், கூடவே கல்வி, அறிவு எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நல்ல வரிதான், ஆனால் அவளுடைய நினைவில் அது இல்லை. எடுத்துவிட்டாள்.

சரி, இனி வரிக்கு வருவோம். இரண்டாவது வடிவத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

அப்பத்தா மணலைத் தோண்டினாள்
கலங்கல் நீரை இறைத்தாள்
சரிந்த மணலைப் பிடித்தாள்
தெளிந்ததும் சிரட்டையால் மொண்டாள்
குடத்தில் ஊற்றினாள்

விவரங்கள் வந்துவிட்டன, ஆனாலும் படிக்கும்போது தட்டையாக இருக்கிறது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும். வாக்கியம் முடியும் இடத்திலேயே வரியையும் முடித்தால் ஒவ்வொரு வரியும் ஆள், ஆள், ஆள் என்று ஒரே ஓசையில் போய் விழும். நாம் கேட்காமலே ஓர் இயைபு வந்து ஒட்டிக்கொள்கிறது. எல்லாச் செயலுக்கும் ஒரே நேர அளவு கிடைப்பது அதைவிடப் பெரிய குறை. மணல் பறித்தது சட்டென்று முடிந்த வேலை, தெளியக் காத்திருந்தது நெடுநேரம். வரிகளில் இந்த வேறுபாடு தெரியவே இல்லை.

தமிழின் எச்சங்கள் இங்கே கைகொடுக்கும். ‘பறித்து’, ‘கறுத்து’ போன்ற வினையெச்சத்தில் வரியை முடித்தால் செயல் முடியாமல் தொங்கும், வாசகர் அடுத்த வரிக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். ‘கட்டிய’, ‘சரிந்த’ போன்ற பெயரெச்சத்தில் முடித்தால் எது என்ற கேள்வி ஒரு கணம் எழும், அடுத்த வரியின் முதல் சொல் அதற்குப் பதிலாக வரும். அந்தப் பதில் ஆர்வம் ஊட்டுவதாக இருந்தால் மட்டும் அங்கே மடக்குங்கள். ‘பெரிய / குடம்’ என்று மடக்குவதில் ஒரு பயனும் இல்லை. வினைமுற்றைத் தனி வரியில் விட்டால் அது ஓங்கி ஒலிக்கும். ஆகவே அழுத்தம் தேவைப்படும் இடத்தில் மட்டும் அதைச் செய்யுங்கள்.

ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்து மூன்று விதமாக மடக்கிப் பார்த்தோம். ‘பிறகு தண்ணீரில் தண்டட்டி தெரிந்தது’ என்று ஒரே வரியில் விட்டால் அது வெறும் தகவல். அடுத்து இப்படி:

பிறகு தண்ணீரில்
தண்டட்டி
தெரிந்தது

தொடங்குகிறவர்கள் அதிகம் செய்வது இதுதான். தண்டட்டி தனியாக நிற்பது நன்றாக இருக்கிறது, ஆனால் ‘தெரிந்தது’ என்ற எடையில்லாத சொல்லுக்கும் ஒரு முழு வரி போய்விட்டது. வரியின் கடைசியிலும் அடுத்த வரியின் தொடக்கத்திலும் வருகிற சொற்களுக்குத் தானாகவே அழுத்தம் கூடும். அந்த இடங்களில் வெறும் சொற்களை உட்காரவைத்தால் அழுத்தம் வீணாகும். மூன்றாவது விதம்:

பிறகு
தண்டட்டி தெரிந்தது
தண்ணீரில்.

பேச்சில் நாம் ‘வந்துட்டாரு அப்பா’ என்று வினைக்குப் பின்னால் சொல்லைப் போடுவது போலத்தான் இது. இரண்டாவது வரியைப் படிக்கும்போது வாசகர் அப்பத்தாவின் காதைப் பார்க்கிறார். மூன்றாவது வரி வந்ததும் பார்வை சட்டென்று கீழே பள்ளத்துக்கு இறங்குகிறது, தண்ணீர் தெளிந்திருப்பது தெரிகிறது. சிறுமிக்கும் அது அப்படித்தான் தெரிந்திருக்கும். ‘பிறகு’ தனியாக நிற்பது காத்திருப்புக்காக. அந்த இடத்தில் அந்தச் சொல்லுக்குத் தனி வரி தகும் என்பது என் எண்ணம். வேறு கவிதையில் ‘பிறகு’ தனியாக நின்றால் நானே அடிக்கச் சொல்வேன்.

வலி மிகும் இடத்தில் வரியை மடக்கினால் ஒற்றை என்ன செய்வது என்ற கேள்வி அடிக்கடி வரும். ‘கையால் பறித்துத் தள்ள’ என்பதை நடுவில் மடக்குகிறோம் என்று வையுங்கள். ‘பறித்துத் / தள்ள’ என்று ஒற்றோடு விட்டால் அந்தத் ‘த்’ நாக்கை அடுத்த வரிக்கு இழுத்துக்கொண்டு போகும், நிறுத்தம் குறையும். ‘பறித்து / தள்ள’ என்று விட்டால் அங்கே மூச்சு முழுசாக நிற்கும். கவிஞர்கள் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். நான் காதைக் கேட்டு முடிவு செய்யச் சொல்வேன், ஆனால் ஒரே கவிதைக்குள் காரணமில்லாமல் மாற்றி மாற்றி எழுதினால் பிழை என்றுதான் படிப்பவர் நினைப்பார். இந்த இடத்தில் மடக்கவே வேண்டாம் என்று முடிவானது. பறிப்பதும் தள்ளுவதும் ஒரே வீச்சில் நடக்கிற வேலை.

ஒரு சின்ன எச்சரிக்கை: ‘போல’, ‘மேல்’, ‘வரை’, ‘உடன்’ போன்ற சொற்களை அவை சார்ந்த பெயரிலிருந்து பிரித்து அடுத்த வரியின் தலையில் வைக்காதீர்கள். ‘முழங்கை / வரை’ என்று பிரித்தால் நொண்டும்.

கடைசியில் கவிதை இப்படி வந்தது:

மேல்மணல் சுட்டது.
அப்பத்தா
கையால் பறித்துத் தள்ள
உள்மணல் கறுத்து
ஈரமாகி
முழங்கை வரை போனதும்
நிறுத்தினாள்.

வந்தது
கலங்கல்.
இறைத்தாள்.
மறுபடி
கலங்கல்.

பள்ளத்தின் ஓரத்தில் இருவரும்
குத்தவைத்திருந்தோம்.
சரிய வந்த மணலை
அவள் விரல்
பிடித்திருந்தது.

பிறகு
தண்டட்டி தெரிந்தது
தண்ணீரில்.

சிரட்டையால் மொண்டு
சேலைத்துணி கட்டிய
குடத்தின் வாயில் ஊற்றினோம்
இருட்டும் வரை.

மூடப் போனேன்.
“விடு ஆத்தா
ஆடு வரும்.”

இரண்டாவது பத்தியைப் பாருங்கள். வரிகள் ஒரு சொல், ஒரு சொல்லாக இருக்கின்றன. ஊற்று ஊறுகிற வேகம் அது. மூன்றாவது பத்தியில் ‘பள்ளத்தின் ஓரத்தில் இருவரும்’ என்று வரி நீள்கிறது, ஏனென்றால் அங்கே செய்வதற்கு எதுவும் இல்லை, உட்கார்ந்திருக்கிறார்கள். பத்திகளுக்கு நடுவே விட்ட ஒரு வரி இடமும் நேரம்தான், வரி மடங்குவதைவிட நீளமான நேரம். தண்டட்டிக்கு முன்னும் பின்னும் அது வருவதால்தான் அந்த மூன்று வரி தனியாகத் தெரிகிறது. உண்மையில் அவர்கள் இறைத்தது இரண்டு தடவையா நான்கு தடவையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. கவிதையில் இரண்டு போதும் என்று வைத்துக்கொண்டோம். இரண்டு முறை கலங்கல் வந்ததும் மூன்றாவதை வாசகர் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். நினைவில் ஓட்டை இருக்கும் இடத்தில் இந்த அளவு சுதந்திரம் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டை மாடாக்குவது போன்ற மாற்றங்களில் எனக்கு உடன்பாடில்லை.

‘நினைக்கிறேன்’, ‘ஞாபகம் இருக்கிறது’, ‘அந்த நாள்கள்’ என்ற சொற்கள் எங்கேயும் இல்லை. நினைவுக் கவிதையில் முதலில் வெட்ட வேண்டியவை இவை. நிகழ்ச்சியை இறந்தகாலத்தில் சொல்லும்போதே அது நினைவு என்று தெரிந்துவிடுகிறது. அவற்றைச் சேர்த்தால் வாசகர் ஊற்றைப் பார்க்காமல், ஊற்றை நினைத்துக்கொண்டிருக்கும் ஆளைப் பார்க்கத் தொடங்குகிறார்.

முடிவில் ஒரு சண்டை நடந்தது. மணல் அள்ளப்பட்டதையும் இப்போது அங்கே தோண்டினால் ஊறுவதில்லை என்பதையும் ஒரு பத்தியாகச் சேர்க்க வேண்டும் என்று அவள் விடாப்பிடியாக நின்றாள். அவளுடைய கோபம் நியாயமானது, அதை எழுதவும் வேண்டும். ஆனால் இந்தக் கவிதையில் பேசுவது ஒரு சிறுமி. அவளுக்கு லாரியும் தெரியாது, பின்னால் வரப்போகும் எதுவும் தெரியாது. ஆடு வரும் என்று சொன்னவர் இன்னோர் உயிருக்கும் அந்தக் குழியை விட்டுவைக்கிறார். அதற்குப் பிறகு ஒரு பத்தி வந்தால் அது அப்பத்தாவின் பேச்சுக்குப் பொழிப்புரையாகிவிடும். மணல் அள்ளியதைத் தனிக் கவிதையாக எழுதச் சொன்னேன். அதற்கு வேறு கண்ணும் வேறு நீள வரிகளும் வேண்டும். அவள் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, பத்தியை மட்டும் இப்போதைக்கு எடுத்து வைத்திருக்கிறாள்.

எழுதி முடித்ததும் நீங்களே வாசித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், கவிதையை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கையில் இன்னொரு பிரதியை வைத்துக்கொண்டு, அவர் வரி முடிவில் நிற்காமல் ஓடும் இடத்தையும் நடுவரியில் தடுமாறி நிற்கும் இடத்தையும் பென்சிலால் குறியுங்கள். அவர் ஓடிய இடத்தில் மடக்கு தேவையில்லாமல் இருக்கலாம், நின்ற இடத்தில் மடக்கு விட்டுப்போயிருக்கலாம். எல்லாக் குறிக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்த வரியை மாற்றிவிடுவது நல்லது.

கைப்பேசியில் அனுப்புவதாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஐந்தாறு சொல் சேர்ந்த வரி சின்னத் திரையில் தானாகவே மடங்கிவிடும். நீங்கள் மடக்கியது எது, திரை மடக்கியது எது என்று படிப்பவருக்குத் தெரியாது. வாட்ஸாப்பில் அனுப்பும் முன் உங்களுக்கே ஒருமுறை அனுப்பிப் பார்த்து, திரை மடக்கிய வரி இருந்தால் அதைச் சுருக்குங்கள் அல்லது நீங்களே வேறிடத்தில் மடக்கிவிடுங்கள். பத்தி இடைவெளிகள் விடுபடாமல் வந்திருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.